காராச்சேவு கிலோ 349-ஆ, 340-ஆ?

தம்பி விருதுநகரில் சின்னதாக ஒரு தின்பண்டக் கடை போட்டபோது முதல் நாளே விலை அட்டைகளை அச்சடித்து வைத்திருந்தான். காராச்சேவு 349, மிக்சர் 359, பூண்டு முறுக்கு 379. "எல்லாக் கடையிலும் ஒன்பதுலதான்க்கா முடிக்கிறாங்க" என்றான். கடையின் கணக்கு என் பொறுப்பு என்பதால் சாயங்காலம் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி வந்து கால் கிலோ காராச்சேவு கேட்டார். தராசில் 87.25 என்று வந்தது. தம்பி 88 கேட்டான். பாட்டி தராசையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படிப்பா 88 வருது? முன்னூத்தி நாப்பத்தொம்பதுல பாதி எவ்வளவு, அதுல பாதி எவ்வளவு?" என்று கேட்டார். தம்பிக்கு உடனே பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் விலையை எதில் முடிப்பது என்று உட்கார்ந்து யோசித்தோம். சட்டைக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் உள்ள கேள்வி வேறு. அங்கே ஒரு பொருளுக்கு ஒரு விலை, அதை யாரும் நாலாகப் பிரித்து வாங்கப் போவதில்லை. தின்பண்டம், பருப்பு, மசாலா, செக்கு எண்ணெய் என்று நிறுத்தோ அளந்தோ விற்கும் கடையில் அட்டையில் இருப்பது கிலோ விலை, வாங்குகிறவர் கொடுப்பதோ கால் கிலோவுக்கோ நூறு கிராமுக்கோ உண்டான பணம். அதனால் கிலோ விலை எப்படி முடிகிறது என்பதைவிட அதை நாலாலும் பத்தாலும் வகுத்தால் என்ன வருகிறது என்பதுதான் முக்கியம்.

எங்கள் காராச்சேவின் அடக்கத்தை வைத்தே பார்ப்போம். கடலை மாவு, எண்ணெய், கேஸ், மாஸ்டர் கூலி, வாடகையில் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 268 ரூபாய் ஆனது. அதன் மேல் 30 சதவீதம் வைத்தால் 348 ரூபாய் 40 காசு. இந்த இடத்தில் எங்கள் முன் நாலு வழி இருந்தன. வந்த கணக்கை அப்படியே 348 என்று போடலாம். ஒரு ரூபாய் சேர்த்து 349 என்று போடலாம். இறக்கி 340 ஆக்கலாம், அல்லது ஏற்றி 360 ஆக்கலாம்.

| கிலோ | அரை கிலோ | கால் கிலோ | 100 கிராம் | 50 கிராம் |
|---|---|---|---|---|
| 348 | 174 | 87 | 34.80 | 17.40 |
| 349 | 174.50 | 87.25 | 34.90 | 17.45 |
| 340 | 170 | 85 | 34 | 17 |
| 360 | 180 | 90 | 36 | 18 |

349-இன் வரிசையைப் பாருங்கள். கிலோவைத் தவிர ஒன்றுகூட முழு ரூபாயாக வரவில்லை. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டது. 50 காசு இன்றும் சட்டப்படி செல்லும், ஆனால் எங்கள் ஊரில் நீட்டினால் வாங்க ஆள் இல்லை. ஆக எல்லாவற்றையும் கடைக்காரர்தான் முழு ரூபாயாக்க வேண்டும், அவர் எப்போதும் மேலேதான் ஆக்குவார். அதில் ஓர் அநியாயம் தன்னால் நுழைந்துவிடுகிறது. நூறு கிராமுக்கு 35 வாங்கினால் அது கிலோ 350 ஆகிறது. கால் கிலோவுக்கு 88 வாங்கினால் கிலோ 352. ஐம்பது கிராமுக்கு 18 வாங்கினால் கிலோ 360. கொஞ்சமாக வாங்குகிறவர், அதாவது கையில் காசு குறைவாக இருப்பவர், அட்டையில் இருப்பதைவிட 11 ரூபாய் கூடுதல் விலையில் வாங்கிப் போகிறார். ஏமாற்ற நினைத்து யாரும் செய்வதில்லை, ஒன்பதில் முடித்ததால் வந்த வினை. மேலே ஆக்காமல் கீழே இறக்கி 87 வாங்கினால் கிலோ 348-க்கு வந்துவிடும். அப்படியானால் 349 என்று போட்டதில் நமக்கு என்ன கிடைத்தது?

சின்ன அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பொட்டலம் மடிக்கும் வேலையும் கவர் செலவும் ஐம்பது கிராமுக்கும் கால் கிலோவுக்கும் ஒன்றுதான். கூடுதல் வேண்டுமென்றால் அதை அட்டையில் எழுதிவிட வேண்டும். தராசில் ஒன்று காட்டி வாயில் ஒன்று சொல்வதுதான் பாட்டியைச் சந்தேகப்பட வைத்தது.

ஒன்பதில் முடிந்தால் மலிவாகத் தெரியும் என்பது பொய் இல்லை. எதனால் என்று மனோஜ் தாமஸ், விக்கி மோர்விட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. எண்ணை நாம் இடமிருந்து படிப்பதால் முதல் இலக்கம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் 2.99-ஐ 3.00-ஐவிட நன்றாகவே குறைவாக உணர்கிறோம். ஆனால் 3.59-ஐயும் 3.60-ஐயும் அப்படி உணர்வதில்லை, ஏனென்றால் இரண்டிலும் முதல் இலக்கம் மூன்றுதான். இதை எங்கள் அட்டைக்குக் கொண்டுவந்தால் 399-க்கும் 400-க்கும் இடையே வித்தியாசம் தெரியலாம், 349-க்கும் 350-க்கும் இடையே பெரிதாக எதுவும் இல்லை. தம்பி 349, 359, 379 என்று போட்டதில் பலன் இல்லாமல் சில்லறைத் தொல்லை மட்டும்தான் வந்தது.

சரி, 399 போடலாமா? எதிர்க் கடையில் 399 இருந்து நம்மிடம் 400 இருந்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு நாம்தான் விலை அதிகம். உண்மைதான். ஆனால் அவர் அங்கே கால் கிலோ கேட்டால் 99.75, கொடுக்கப் போவது நூறு ரூபாய். நம்மிடமும் நூறு ரூபாய். நிறுத்து விற்கிற பண்டத்துக்கு 400 போல வசதியான விலை கிடையாது: 200, 100, 40, 20 என்று அழகாக உடையும். அதைவிட மலிவாகத் தெரிய வேண்டுமென்றால் நிஜமாகவே 380-க்கு இறங்குவதுதான் வழி. கால் கிலோ 95 என்றால் வாங்குகிறவர் கையில் அஞ்சு ரூபாய் மிஞ்சும்.

348-ஐ நான் கொஞ்சம் யோசித்துத்தான் ஒதுக்கினேன். கணக்கு போட்டு வைத்த விலை மாதிரி தெரிகிறது, கால் கிலோ சரியாக 87 வருகிறது. நூறு கிராமில்தான் இடறுகிறது. உங்கள் கடையில் எல்லோரும் கால், அரை, ஒரு கிலோதான் வாங்குகிறார்கள் என்றால் நாலின் மடங்கில் எந்த விலையும் போடலாம். 344, 348, 352 எல்லாம் பிசிறில்லாமல் உடையும். ஸ்வீட் மாதிரி நூறு கிராம், இருநூறு கிராம்தான் அதிகம் போகிறது என்றால் பத்தின் மடங்கு போதும், 350 போடலாம். எங்கள் கடையில் இரண்டும் போகிறது, பள்ளிக்கூடம் விட்டால் ஐம்பது கிராமும் போகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டுமென்றால் இருபதின் மடங்குதான். அதனால்தான் 340 அல்லது 360.

எது என்பதில் தம்பிக்கும் எனக்கும் சண்டை. 340 என்றால் கணக்கு விலையைவிட கிலோவுக்கு 8 ரூபாய் 40 காசு குறைவு. நாளைக்கு 12 கிலோ போகிறது, அப்போது நூறு ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். "மாசம் மூவாயிரம்க்கா, வாடகையில பாதி" என்றான். ஆனால் காராச்சேவு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் விலை தெரிந்த பண்டம். சாத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு சேவு விலையில் விளையாட முடியாது. ஆகவே தெரிந்த பண்டத்தில் இறங்கி, தெரியாததில் ஏறினோம். பூண்டு முறுக்கு கணக்குப்படி 372 வந்தது, 380 போட்டோம். ரிப்பன் பக்கோடா 311 வந்தது, 320 போட்டோம். மிக்சருக்குக் கணக்கே 360 வந்துவிட்டது. முறுக்கு நாளைக்கு ஏழு கிலோ, ரிப்பன் அஞ்சு கிலோ போகிறது. இரண்டிலும் சேர்ந்து கிடைத்த கூடுதல் கிட்டத்தட்ட அதே நூறு ரூபாய். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றில் நஷ்டம் போலத் தெரியும், மொத்தக் கல்லாவில் அது சரியாகிவிடும்.

"இப்பதான் எல்லாரும் ஸ்கேன் பண்ணிக் கட்டுறாங்களே, காசு வந்தா என்ன?" என்றும் தம்பி கேட்டான். பாதி நியாயம்தான். யுபிஐ-யில் 87.25 என்று அடித்து அனுப்ப ஒரு தடையும் இல்லை, கடையில் வைத்திருக்கும் பெட்டி அதை அப்படியே உரக்கச் சொல்லவும் செய்யும். ஆனால் பாட்டி ரொக்கம்தான் கொடுப்பார். ஸ்கேன் செய்கிறவர்களில் பலரும் 87 என்று அடித்துவிட்டுப் போகிறார்கள், அதில் தப்பும் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், விலையை மனதிலேயே சரிபார்க்க முடிகிறதா என்பது. 340-இல் பாதி 170, அதில் பாதி 85. தராசில் 85 என்று வரும்போது வாங்குகிறவர் ஏற்கெனவே அந்த எண்ணோடுதான் நிற்கிறார். 87.25-க்கு யாரும் அப்படித் தயாராக நிற்க முடியாது.

கிராம் கேட்காமல் பணத்தைச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. "இருவது ரூபாய்க்குச் சேவு குடுங்க." 340 விலையில் இருபது ரூபாய்க்கு 58.8 கிராம் வரும். நாங்கள் 60 கிராம் போடுகிறோம், பொட்டலத்துக்கு 40 காசு போகட்டும் என்று. அட்டையின் அடியில் "20 ரூபாய்க்கு 60 கிராம்" என்று எழுதியும் வைத்திருக்கிறோம். இங்கே பெரிய கம்பெனிகள் செய்கிற மாதிரி பாக்கெட் விலையை அப்படியே வைத்துக் கிராமை மட்டும் குறைக்க ஆசை வரும். விலை 360 ஆனால் 55 கிராம் என்று மாற்றி எழுதிவிட்டால் சரி. 60 என்ற எழுத்தை அப்படியே விட்டுவிட்டு கையை மட்டும் குறைத்தால் அது நிறுவைத் திருட்டு.

ஒன்பதுக்கு எங்கள் கடையில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. தீபாவளிப் பெட்டி. அதை யாரும் உடைத்து வாங்கப் போவதில்லை, முழுசாக ஒரு விலை. ஐந்நூறா, 499-ஆ என்றால் முதல் இலக்கம் மாறுகிறது, எனவே 499 என்றே போட்டோம். மொய் எழுதும்போது 501 என்று ஒன்றைக் கூட்டுகிற நாம், வாங்கும்போது ஒன்றைக் குறைத்தால்தான் திரும்பிப் பார்க்கிறோம். ஒரே நிபந்தனை, ஐந்நூறு ரூபாய்த் தாள் நீட்டுகிறவருக்கு ஒரு ரூபாய் நாணயம் திரும்ப வர வேண்டும். முதல் வாரம் ஒரு ரூபாய் தீர்ந்துபோய் மிட்டாய் கொடுத்தோம். ஒருவர் அந்த மிட்டாயை மேசை மேல் வைத்துவிட்டு, "இதை நாளைக்கு நான் குடுத்தா வாங்கிப்பீங்களா?" என்று கேட்டுப் போனார். அன்றைக்கே போய் நாணயப் பை வாங்கி வந்தோம். நாணயம் தொடர்ந்து கிடைக்க வழியில்லாத கடைக்கு 499 வேண்டாம், 490 நல்லது.

இனி அட்டை. சுவரில் பெரிய பலகையாக எல்லா விலையையும் எழுதுவதா, ஒவ்வொரு தட்டிலும் தனி அட்டை குத்துவதா? பலகை மாற்றச் சுலபம், தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் காராச்சேவுக்கும் மிளகுச் சேவுக்கும் வித்தியாசம் தெரியாதவர் பலகையையும் தட்டையும் இணைத்துப் பார்க்கத் திணறுவார், கடைசியில் விலை கேட்பார். விலை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நம் கணக்கில் வரவே மாட்டார்கள். நாங்கள் தட்டுக்கு ஓர் அட்டை என்றே முடிவு செய்தோம், கூடாரம் மாதிரி நடுவில் மடித்து இரண்டு பக்கமும் எழுதியது. ஒரு பக்கம் வாங்குகிறவரைப் பார்க்கும், மறுபக்கம் நிறுக்கிற பையனைப் பார்க்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன் மறந்துபோய்ப் பழைய விலையைச் சொல்வது அத்தோடு நின்றது.

அட்டையில் எந்த அளவின் விலையைப் பெரிதாக எழுதுவது என்பதில்தான் பல கடைகள் நழுவுகின்றன. காராச்சேவுக்குக் கிலோ 340 என்று எழுதிவிட்டு, முந்திரிப் பக்கோடாவுக்கு மட்டும் 80 என்று பெரிதாகவும் "100 கி" என்று பொடியாகவும் எழுதுவார்கள். எண்ணூறு ரூபாய் என்று எழுதினால் மிரண்டுவிடுவார்கள் என்ற பயம். மிரளாமல் அரை கிலோ நிறுக்கச் சொன்னவர் 400 ரூபாய் என்று கேட்டதும் அதைவிட மோசமாக மிரள்வார், பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கே ஒரு தடவை நடந்தது. அதற்கப்புறம் எல்லாத் தட்டுக்கும் ஒரே முறை: மேலே பெயர், நடுவில் பெரிதாகக் கிலோ விலை, அதன் கீழே பாதி உயரத்தில் நூறு கிராம் விலை. ¼, ½ என்ற குறிகளை விட்டுவிட்டு "கால் கிலோ" என்று எழுத்திலேயே எழுதுகிறோம். கண்ணாடி போடாமல் வருகிறவருக்கு அந்தக் குறிகள் இரண்டும் ஒரே கறைதான்.

அப்புறம் இந்த "/-" பழக்கம். ரசீதில் பின்னால் யாரும் இலக்கம் சேர்க்கக் கூடாது என்று போட்டுப் பழகியது, விலை அட்டையில் அதற்கு வேலையே இல்லை. தடித்த மார்க்கரில் அவசரமாக எழுதிய "34/-" எங்கள் கடையில் 341 ஆகப் படிக்கப்பட்டது. "ரூ. 34" போதும். 7-ஐக் குறுக்குக் கோடு போட்டு எழுதினால் 1-ஓடு குழம்பாது.

சாக்பீஸ் வேண்டாம், துகள் பண்டத்தில் விழும். வெறும் அட்டை இரண்டே நாளில் எண்ணெய் குடித்து மங்கிவிடும். லேமினேட் செய்த அட்டையில் பெயரை அச்சிட்டு விலைக்கு மட்டும் இடம் விட்டு, அழியாத மார்க்கரில் எழுதுகிறோம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பழைய எண்ணை அடித்துவிட்டு மேலே புதியது எழுதினால் விலை ஏறியதை விளம்பரம் செய்த மாதிரி ஆகும், அடித்த எண் பெரிதாக இருந்தால் தள்ளுபடி என்று நினைப்பார்கள். ஒருநாளும் 400-க்கு விற்காத பண்டத்துக்கு 400-ஐ அடித்து 340 எழுதுவது வாங்குகிறவரைத் தவறாக நம்பவைப்பது. அந்த வழிக்கே போகவில்லை.

நாமே முன்கூட்டி நிறுத்து ஒட்டி வைக்கிற பாக்கெட் வேறு கணக்கு. அதற்குச் சட்டமுறை எடையளவு விதிகள் (2011) பொருந்தும்: நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், முகவரி எல்லாம் பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். விலையைக் குறைத்து விற்க ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அது பழைய விலையை மறைக்கக் கூடாது. ஏற்றி ஒட்டவே கூடாது.

இருபதின் மடங்கில் ஒரு குறை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், நம்மால் 340-இலிருந்து ஒரே தாவாக 360-க்குத்தான் போக முடியும். கிட்டத்தட்ட ஆறு சதவீதம். அதுவரை நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், தாவும்போது பேச்சும் வாங்க வேண்டும். எப்போது தாவுவது என்பதில் 1986-இல் கானமன், நெட்ச், தாலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் கனடாவில் கேட்ட ஒரு கேள்வி எனக்கு உதவியது. பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் கடைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையை 15 டாலரிலிருந்து 20 ஆக்கினால் நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வில், தனக்கு அடக்கம் ஏறியதால் கடைக்காரர் விலையை ஏற்றுவதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பனிப்புயல் தீபாவளி. அதற்கு முந்தின வாரம் ஏற்றினால், நிஜமாகவே எண்ணெய் ஏறியிருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

போன முறை ஏற்றியபோது பத்து நாள் முன்பே காராச்சேவு அட்டை பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தோம்: "எண்ணெய் விலை ஏறியதால் 1-ஆம் தேதி முதல் கிலோ 360, நூறு கிராம் 36." அந்தப் பாட்டி அதைப் படித்துவிட்டு, "முன்னூத்தி அறுவதுன்னா கால் கிலோ தொண்ணூறு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் தம்பியைப் பார்த்து, "இன்னிக்குத் தேதி இருவத்தெட்டுதானே? அரை கிலோவாப் போடு" என்றார். தராசில் 170 வந்தது.